எட்டு லட்சம் ரூபாய் யார் கணக்கில்?

2022 மே மாதம் 16, 17 தேதிகளில் திருப்பூரின் பின்னலாடைத் தொழில் கதவடைப்பு நடத்தியது. காரணம் நூல் விலை. 2021 தொடக்கத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு 45 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. 2022 மே மாதத்தில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பஞ்சைத் தொடர்ந்து நூலும் ஏறியது. 2021 நவம்பரில் கிலோவுக்கு 50 ரூபாய் ஒரே மூச்சில் கூடியது. 2022 மே மாதத்தில் இன்னொரு 40 ரூபாய். இடையில் ஏப்ரலில் பஞ்சு இறக்குமதி வரியை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கிப் பார்த்தும் ஏற்றம் உடனே நிற்கவில்லை.

இப்படி விலை தாறுமாறாக ஓடும் காலத்தில் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்துக்குள் ஓர் அநியாயம் சத்தமில்லாமல் நடந்துவிடும். திறமையாக வேலை செய்தவர் திட்டு வாங்குவார். வீணடித்தவர் தப்பித்துக்கொள்வார். ஆர்டர் பிடிக்கும்போதே தவறான விலை சொன்னவர் பெயர் பேச்சிலேயே வராது. இதைச் சரிசெய்வதற்குச் செலவுக் கணக்கியலில் ஒரு வழி இருக்கிறது. வித்தியாசத்தைத் திட்டத்தால் வந்தது, செயலால் வந்தது என்று இரண்டாகப் பிரிப்பதுதான் அது. சி.எம்.ஏ., ஏ.சி.சி.ஏ. படிக்கும் மாணவர்கள் தேர்வுக்காக இதைக் கற்கிறார்கள். ஆனால் இது தேவைப்படுவது நூலும் எண்ணெயும் இரும்பும் வாங்கித் தொழில் செய்கிற ஒவ்வொருவருக்கும்தான்.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். டி-ஷர்ட் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 2021 செப்டம்பரில் அது தனக்கான ஸ்டாண்டர்டுகளை எழுதிவைக்கிறது. ஸ்டாண்டர்டு என்றால், ஒரு சட்டைக்கு எவ்வளவு நூல் ஆக வேண்டும், அந்த நூல் என்ன விலைக்குக் கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே நிர்ணயிக்கும் அளவு. நிட்டிங், டையிங், கட்டிங் எல்லாவற்றிலும் போகும் சேதாரத்தையும் சேர்த்து ஒரு கிலோ நூலுக்கு ஐந்து சட்டை, நூல் கிலோ 300 ரூபாய் என்று முடிவாகிறது. அதாவது ஒரு சட்டைக்கு 60 ரூபாய்க்கு நூல்.

2022 ஏப்ரலில் இந்த யூனிட் 50,000 சட்டை தைத்து முடிக்கிறது. ஸ்டாண்டர்டுப்படி 10,000 கிலோ நூல் போதும், செலவு 30 லட்சம் ரூபாய். உண்மையில் ஆனது 10,400 கிலோ, வாங்கிய விலை கிலோ 372 ரூபாய். மொத்தம் 38,68,800 ரூபாய். எதிர்பார்த்ததைவிட 8,68,800 ரூபாய் அதிகம்.

வழக்கமான முறையில் அக்கவுண்டன்ட் இதை இரண்டாகப் பிரிப்பார். விலையால் வந்தது ஒன்று. கிலோவுக்கு 72 ரூபாய் கூடுதல் கொடுத்து 10,400 கிலோ வாங்கியதால் 7,48,800 ரூபாய் பாதகம். இது பர்ச்சேஸ் மேனேஜர் கணக்கில் ஏறும். அளவால் வந்தது இன்னொன்று. 400 கிலோ அதிகம் செலவானதை 300 ரூபாயால் பெருக்கினால் 1,20,000 ரூபாய் பாதகம். இது உற்பத்திப் பிரிவின் கணக்கு. முதலாளி இந்தத் தாளைப் பார்த்ததும் யாரைக் கூப்பிடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"என்ன தம்பி, நூல்ல மட்டும் ஏழரை லட்சம் போயிருக்குது?"

"ஏனுங்க, மார்க்கெட்டே முன்னூத்தி எண்பதுக்குப் போயிருச்சுங்க. நான் முன்னூத்தி எழுபத்திரண்டுக்கு எடுத்திருக்கேனுங்க."

இந்தப் பதிலை முதலாளி சாக்குப்போக்கு என்று நினைக்கலாம். ஆனால் அது சரிபார்க்கக்கூடிய ஒரு செய்தி. அந்த யூனிட் நூல் எடுத்த நாட்களில் அதே நம்பர், அதே தரத்து நூல் சந்தையில் கிலோ 380 ரூபாய்க்குப் போனது உண்மையென்றால், 300 ரூபாய் என்ற அளவே காலாவதியாகிவிட்டது. ஏப்ரலில் 300 ரூபாய்க்கு அந்த நூலை உலகத்தில் யாராலும் வாங்கியிருக்க முடியாது. முடியாத ஒன்றை அளவாக வைத்து ஒருவரின் வேலையை மதிப்பிடுவது நியாயமில்லை.

அமெரிக்கக் கணக்கியல் அறிஞர் ஜோயல் டெம்ஸ்கி 1967இல் 'தி அக்கவுண்டிங் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை இந்தச் சிந்தனைக்கு வழிதிறந்த ஒன்று. ஆண்டுத் தொடக்கத்துத் திட்டத்தையும் கடைசியில் நடந்ததையும் நேரடியாக ஒப்பிடாமல், நடுவில் மூன்றாவதாக ஒன்றை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று தெரிந்ததெல்லாம் அன்றே தெரிந்திருந்தால் என்ன திட்டம் போட்டிருப்போமோ, அதுதான் அந்த மூன்றாவது. நம் கணக்கில் அது 380 ரூபாய்.

இப்போது மறுபடி பிரிப்போம். 10,000 கிலோ நூலுக்கு 300 ரூபாய் என்று போட்ட இடத்தில் 380 என்று போட்டிருக்க வேண்டும். கிலோவுக்கு 80 ரூபாய் வீதம் 8,00,000 ரூபாய் பாதகம். இது திட்ட வித்தியாசம். பர்ச்சேஸ் பிரிவுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் இதில் சம்பந்தம் இல்லை. அடுத்து செயல் வித்தியாசம். 380 ரூபாய்ச் சந்தையில் 372க்கு வாங்கியதால் கிலோவுக்கு 8 ரூபாய் வீதம் 10,400 கிலோவுக்கு 83,200 ரூபாய் சாதகம். 400 கிலோ கூடுதலாகப் போனதை இன்றைய 380 ரூபாயால் பெருக்கினால் 1,52,000 ரூபாய் பாதகம். மூன்றையும் கூட்டிக் கழித்தால் அதே 8,68,800 வரும். மொத்தத் தொகையில் ஒரு பைசா மாறவில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் ஆட்கள் மாறிவிட்டார்கள். ஏழரை லட்சம் நஷ்டம் செய்தவராக நின்றவர் உண்மையில் 83 ஆயிரம் மிச்சம் பிடித்தவர்.

இந்த முறையை விளக்குபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பர்ச்சேஸ் மேனேஜருக்கு நியாயம் கிடைத்தது, சரி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சேதாரக் கணக்கு. பழைய தாளில் 400 கிலோ வீணானதன் மதிப்பு 1,20,000 ரூபாய். புதிய தாளில் 1,52,000 ரூபாய். அந்த 400 கிலோவை ஈடுகட்ட யூனிட் சந்தைக்குப் போனால் 300 ரூபாய்க்கு யாரும் தரப்போவதில்லை. ஸ்டாண்டர்டு பழையதாக இருக்கும்போது நூல் மலிவாகத் தெரிகிறது, அதனால் வீணடிப்பதும் மலிவாகத் தெரிகிறது. விலை ஏறும் காலத்தில்தான் கட்டிங் மேஜையில் ஒவ்வொரு கிராமும் கவனிக்கப்பட வேண்டும். அந்த நேரம் பார்த்து பழைய ஸ்டாண்டர்டு எச்சரிக்கை மணியின் சத்தத்தைக் குறைத்துவைக்கிறது.

பாடப்புத்தகங்களுக்குள்ளேயே இந்த இடத்தில் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. சில புத்தகங்கள் 80 ரூபாய் ஏற்றத்தை, வேண்டியிருந்த 10,000 கிலோவால் பெருக்காமல் உண்மையில் போன 10,400 கிலோவால் பெருக்கும். அப்போது திட்ட வித்தியாசம் 8,32,000 ஆகும். சேதாரம் பழையபடி 1,20,000 ரூபாயிலேயே நிற்கும். இரண்டு முறைக்கும் இடையே 32,000 ரூபாய் இடம் மாறுகிறது. அது 400 கிலோவுக்கு ஏறிய 80 ரூபாய். கேள்வி என்னவென்றால், வீணான நூலின் மேல் ஏறிய விலையைச் சந்தையின் தலையில் கட்டுவதா, வீணடித்த இடத்தில் வைப்பதா? தேர்வு எழுதுகிறவர் தன் பாடத்திட்டம் சொல்வதைப் பின்பற்றட்டும். தொழில் நடத்துகிறவர் உற்பத்திப் பிரிவில்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சந்தை 10,000 கிலோவுக்குத்தான் நம்மைத் தண்டித்தது. மிச்சம் 400 கிலோவைச் சந்தையில் போய் நாம் வாங்கவேண்டி வந்தது நம் செயலால்.

சேதாரத்தைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். அந்த 83,200 ரூபாய் மிச்சமும் இந்த 1,52,000 ரூபாய் நஷ்டமும் ஒரே வேரிலிருந்து வந்தவையா? கிலோவுக்கு 8 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று வேறு மில்லின் நூலை எடுத்திருக்கலாம். அந்த நூல் நிட்டிங் மெஷினில் அடிக்கடி அறுந்திருக்கலாம், துணியில் ஓட்டை விழுந்திருக்கலாம், சாயம் போட்ட பிறகு பட்டை பட்டையாகத் தெரிந்திருக்கலாம். அப்படியானால் மிச்சம் பிடித்தவரே நஷ்டத்துக்கும் காரணம், கூட்டிப் பார்த்தால் 68,800 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. கணக்குத் தாள் மட்டும் இதைச் சொல்லாது. ஒவ்வொரு துணி ரோலும் எந்த மில்லின் எந்த லாட் நூலில் ஓடியது, எத்தனை ஓட்டை வந்தது என்ற நிட்டிங் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். கழிவு குறிப்பிட்ட லாட்டில் குவிந்திருந்தால் காரணம் நூல். எல்லா லாட்டிலும் சமமாகப் பரவியிருந்தால் மார்க்கர் போட்டதிலோ கட்டிங்கிலோ தேட வேண்டும்.

இனி அந்த எட்டு லட்சம். திட்ட வித்தியாசம் என்று பெயர் வைத்ததும் பல இடங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. சந்தை ஏறிவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்று தாளை மூடிவிடுகிறார்கள். இதுதான் இந்த முறையில் நடக்கும் பெரிய தவறு. திட்டத்தையும் ஒரு மனிதர்தான் போட்டார். அவர் போட்ட நாளில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்காமல் விடக்கூடாது.

நம் யூனிட் செப்டம்பரில் 300 ரூபாய் என்று எழுதியதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நவம்பரில் 50 ரூபாய் ஏறியது ஊருக்கே தெரியும். இந்த 50,000 சட்டைக்கான ஆர்டரை வெளிநாட்டு பையரிடம் பேசி விலை சொன்னது 2022 ஜனவரியில், அன்று சந்தையில் நூல் 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெர்ச்சன்டைசர் காஸ்டிங் ஷீட்டைத் திறந்தபோது அதில் செப்டம்பரின் 300 அப்படியே இருந்தது. சட்டைக்கு நூல் 60 ரூபாய் என்று கணக்கிட்டு விலை சொல்லிவிட்டார். அன்றைய விலையைப் போட்டிருந்தால் 70 ரூபாய். ஒரு சட்டைக்கு 10 ரூபாய் குறைத்துச் சொன்னதில், 50,000 சட்டைக்கு 5 லட்சம் ரூபாய் ஆர்டரில் கையெழுத்துப் போட்ட அன்றே போய்விட்டது. ஜனவரிக்குப் பிறகு 350லிருந்து 380க்கு ஏறியதால் போனது மீதி 3 லட்சம் மட்டுமே.

ஆக எட்டு லட்சத்தில் ஐந்து லட்சம் தவிர்த்திருக்கக் கூடியது. யாரோ ஒருவர் காஸ்டிங் ஷீட்டில் ஒரு கட்டத்தைத் திருத்தாமல் விட்டதன் விலை அது. அந்த விலையைச் சொல்லியிருந்தால் பையர் ஆர்டரே தந்திருக்க மாட்டாரே என்று ஒரு வாதம் வரும். வரலாம். மெஷினும் ஆட்களும் சும்மா நிற்காமல் இருக்க, நஷ்டம் தெரிந்தே ஓர் ஆர்டரை எடுப்பதும் தொழிலில் நடப்பதுதான். ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், முடிவெடுத்தவர் பெயரில் இருக்க வேண்டும். மீதி மூன்று லட்சத்தையும் முழுக்க விதி என்று சொல்லிவிட முடியாது. ஆர்டர் உறுதியான அன்றே மில்லில் நூலை புக் செய்திருந்தால் 350க்குக் கிடைத்திருக்கும். அதற்குக் கையில் பணம் வேண்டும், குடோனில் இடம் வேண்டும், விலை இறங்கிவிட்டால் தாங்கும் தெம்பும் வேண்டும். இவை இல்லாத சிறு யூனிட்டுக்கு அந்த மூன்று லட்சம் உண்மையிலேயே சந்தை கொடுத்த அடி. பணத்தை வைத்துக்கொண்டே காத்திருந்த யூனிட்டில் அது முதலாளி எடுத்த முடிவின் பலன்.

இந்த முறை முழுவதும் ஒரே ஓர் எண்ணின் மேல் நிற்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது 380. அந்த எண்ணைக் கொஞ்சம் அசைத்தால் தீர்ப்பு தலைகீழாகும். சந்தை விலை 380 அல்ல, 370தான் என்று வைத்தால், 372க்கு வாங்கியவர் 83,200 ரூபாய் மிச்சம் பிடித்தவராக இல்லாமல் 20,800 ரூபாய் அதிகம் கொடுத்தவராகிவிடுவார். எனவே அந்த எண்ணை யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பர்ச்சேஸ் பிரிவிடமே கேட்டால் அந்த மாதத்தின் உச்ச விலையைத்தான் காட்டுவார்கள். மனித இயல்பு அது.

நான் சொல்லும் வழி எளிமையானது. பல மில்கள் வெளியிடும் விலைப்பட்டியலை வாராவாரம் வாங்கி, தேதி போட்டு, அக்கவுன்ட்ஸ் பிரிவு தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் வித்தியாசம் வந்த பிறகு தேடக் கூடாது. அப்போது தேடுகிறவர் தனக்கு வேண்டிய விலையைத்தான் கண்டுபிடிப்பார். ஒப்பிடும் நூல் ஒரே நம்பராக இருக்க வேண்டும். கோம்டு நூலைக் கார்டட் நூலோடு ஒப்பிடக்கூடாது. பணம் கட்டும் கெடுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 380 என்பது 45 நாள் கடனுக்கான விலையாகவும், 372 என்பது ரொக்கத்துக்கான விலையாகவும் இருந்தால், அந்த 8 ரூபாயில் ஒரு பகுதி பேரம் பேசிய திறமை அல்ல, முதலாளி பேங்குக்குக் கட்டிய வட்டி. ஜி.எஸ்.டி., லாரி வாடகை இவற்றையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சேர்க்க வேண்டும், அல்லது ஒரே மாதிரி விட வேண்டும். நூல் பல நாட்களில் வாங்கப்பட்டிருந்தால் அந்தந்த நாளின் விலையை, வாங்கிய அளவுக்கு ஏற்றபடி சராசரி எடுக்க வேண்டும். மாதச் சராசரியைப் போட்டால், விலை ஏறும் மாதத்தில் முதல் வாரமே வாங்கியவருக்குச் சும்மா பாராட்டுக் கிடைக்கும்.

எதற்கெல்லாம் ஸ்டாண்டர்டைத் திருத்தலாம் என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். விலை இரண்டு மூன்று ரூபாய் ஏறி இறங்குவதற்கெல்லாம் திருத்தினால் ஸ்டாண்டர்டு என்ற ஒன்றே இருக்காது. வெளியில் நடந்து, யூனிட்டின் கையில் இல்லாத, நிலைத்து நிற்கும் மாற்றங்களுக்கு மட்டும் திருத்த வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர் துணியை அதிகம் வீணடித்தார் என்பதற்காக ஒரு கிலோவுக்கு ஐந்து சட்டை என்பதை நான்கே முக்கால் ஆக்கினால், அது நஷ்டத்தைத் திட்டம் என்ற போர்வைக்குள் ஒளிப்பது.

திருத்தாமலே விட்டுவிடுவதும் இன்னோர் இடத்தில் சிக்கலாகும். ஆண்டுக் கடைசியில் கையிருப்புச் சரக்கை ஸ்டாண்டர்டு விலையில் மதிப்பிட கணக்கியல் தரநிலைகள் அனுமதிக்கின்றன. ஆனால் அந்த விலை உண்மைச் செலவை ஒட்டியதாக இருக்க வேண்டும். நடப்பு நிலைமைக்கு ஏற்ப அவ்வப்போது ஆராய்ந்து திருத்தப்பட வேண்டும் என்று 'இன்ட் ஏஎஸ் 2' சொல்கிறது. 380 ரூபாய் நூலை 300 ரூபாய் என்று கையிருப்பில் காட்டினால் ஆடிட்டர் அதை ஏற்கமாட்டார்.

இதுவரை பார்த்தது ஏறும் விலை. 2022இன் பிற்பாதியில் பஞ்சும் நூலும் இறங்கத் தொடங்கின. ஏறும்போது எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள், காரணம் தேடுவார்கள். இறங்கும்போது தாள் முழுக்கச் சாதகமாக வரும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதனால் இறங்கும் காலத்தைத்தான் நான் கூடுதல் ஆபத்தாக நினைக்கிறேன்.

நம் யூனிட் பாடம் படித்துக்கொண்டு ஜூன் மாதம் ஸ்டாண்டர்டை 380 ஆக்கியது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் 10,000 கிலோ நூலை 332 ரூபாய்க்கு வாங்குகிறது. பழைய முறையில் கிலோவுக்கு 48 ரூபாய் வீதம் 4,80,000 ரூபாய் சாதகம். பர்ச்சேஸ் மேனேஜருக்குப் பாராட்டு, ஒருவேளை போனஸும் கிடைக்கும். ஆனால் அந்த நாட்களில் அதே நூல் சந்தையில் 320க்குக் கிடைத்திருந்தால்? சந்தை இறங்கியதால் வந்த 6,00,000 ரூபாய் திட்டத்தின் பக்கம் போய்விடும். மிச்சம் நிற்பது கிலோவுக்கு 12 ரூபாய், 1,20,000 ரூபாய் பாதகம். நான்கே முக்கால் லட்சம் சம்பாதித்ததாகச் சொன்ன இடத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு அருகில் தவறவிடப்பட்டிருக்கிறது. எந்த மில்லில் எடுத்தார், விலை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் மொத்தமாக புக் செய்தாரா, பழைய கடன் பாக்கி இருந்ததால் வேறு மில்லுக்குப் போக முடியாமல் அங்கேயே எடுத்தாரா என்று அந்த 12 ரூபாயைப் பற்றிக் கேட்க வேண்டும். கடைசிக் காரணம்தான் உண்மை என்றால், அதைத் தீர்க்க வேண்டியவர் பர்ச்சேஸ் மேனேஜர் அல்ல, மில்லுக்குப் பணம் கட்டாமல் வைத்திருந்தவர்.